வேன் ஒருநாள் முந்தி வந்தது ஏன்? நேர வலயமும் யூ.டி.சி.யும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், நுவரெலியா, எல்ல, பண்டாரவளைப் பக்கம் தங்குமிடம், வேன், வழிகாட்டி ஆகியவற்றைப் பதிவு செய்யும் சிறு மென்பொருள்களை எழுதுகிறவர்களும் பாவிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கடைசிவரை ஒரே உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறோம். சிவனொளிபாதமலை ஏற வருகிறவர்களை 2026 ஜனவரி 10, சனிக்கிழமை மு.ப. 12.30க்கு, அதாவது வெள்ளி இரவு நள்ளிரவு கழிந்து அரை மணியில், ஹட்டன் ரயில் நிலையத்தில் ஏற்றி நல்லதண்ணிக்குக் கொண்டுபோகிற வேன் அது. ஆசனம் பதிகிறவர்களில் சிலர் லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கிறார்கள். சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது.

1. யூ.டி.சி. என்றால் லண்டன் நேரம்தானே?

குளிர்காலத்தில் மட்டும் இரண்டும் ஒன்றாக இருக்கும். லண்டன் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிடும். யூ.டி.சி. எந்த நாட்டின் கடிகாரமும் இல்லை. அதை யாரும் கோடைக்கு மாற்றுவதில்லை, அதனால்தான் மற்ற எல்லா நேரங்களையும் அதோடு ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது. இலங்கை நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது.

நம்முடைய வேன் புறப்படுவது இலங்கையில் சனி மு.ப. 12.30. அதில் ஐந்தரை மணியைக் கழித்தால் யூ.டி.சி.யில் வெள்ளி இரவு 7.00. எழுதும்போது அது இப்படி வரும்:

```
2026-01-10T00:30:00+05:30
2026-01-09T19:00:00Z
```

இரண்டு வரியும் ஒரே கணத்தைத்தான் சொல்கின்றன. கடைசியில் உள்ள `Z` யூ.டி.சி.யைக் குறிக்கிறது. திகதியே மாறிவிட்டதைக் கவனித்து வையுங்கள். கீழே வரும் பாதிச் சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

2. வேன் ஓடுறது இலங்கையில. அப்ப எல்லாத்தையும் இலங்கை நேரத்திலயே சேவ் பண்ணினா என்ன கெட்டுப்போகும்?

மென்பொருளைத் தொடுகிற ஒவ்வொரு கருவியும் இலங்கை நேரத்தையே எழுதும் என்று உறுதியாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் கெடாது. அந்த உறுதிதான் கிடைப்பதில்லை. லண்டன்காரரின் பிரவுசர் லண்டன் நேரத்தை அனுப்பும். சிங்கப்பூர் சர்வரின் `NOW()` சிங்கப்பூர் நேரத்தைத் தரலாம். அலுவலகக் கணினி இலங்கை நேரத்தைத் தரும். மூன்றும் ஒரே பத்தியில் போய் உட்கார்ந்தபின் எது எந்த ஊர் நேரம் என்று சொல்ல டேட்டாபேஸில் ஓர் அடையாளமும் இருக்காது.

வேனில் ஒரே ஓர் ஆசனம் மீதி, மூன்று பேர் ஜனவரி 5 அன்று அதற்குப் பதிகிறார்கள் என்று வைப்போம். டொரண்டோக்காரர் தன் கடிகாரத்தில் மு.ப. 10.05க்கும், ஹட்டன்காரர் பி.ப. 8.38க்கும், லண்டன்காரர் பி.ப. 3.10க்கும் பொத்தானை அழுத்துகிறார்கள். அந்தந்த ஊர் நேரத்தை அப்படியே எழுதி வரிசைப்படுத்தினால் டொரண்டோ, லண்டன், ஹட்டன் என்று வரும். உண்மை வேறு. யூ.டி.சி.யில் அவை முறையே 15:05, 15:08, 15:10. இரண்டாவதாக வந்த ஹட்டன்காரரைக் கடைசி ஆளாக்கிவிட்டது மென்பொருள். முதல் ஆளின் பணம் செலுத்தல் தவறி ஆசனம் அடுத்தவருக்குப் போக வேண்டி வந்தால் அது தப்பான ஆளுக்குப் போகும்.

யூ.டி.சி.யில் எழுதினால் முன்பின் பார்ப்பதும் இடைவெளி கணக்கிடுவதும் வெறும் கூட்டல் கழித்தலாகிவிடும். 'புறப்பட 48 மணிக்கு முன்னர் ரத்துச் செய்தால் முழுப்பணம்' என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். 19:00இலிருந்து 48 மணி கழித்தால் ஜனவரி 7, 19:00. அது ஹட்டனில் 8ஆம் திகதி மு.ப. 12.30, லண்டனில் 7ஆம் திகதி இரவு 7.00, டொரண்டோவில் அதே நாள் பி.ப. 2.00. எல்லாருக்கும் ஒரே கெடு, அவரவர் கடிகாரத்தில்.

3. யூ.டி.சி.யிலதான் சேவ் பண்ணுறோம். ஆனாலும் டிரைவர் ஒருநாள் முந்தியே ஹட்டன்ல வந்து நிக்கிறார். எப்படி?

சேமித்த இடத்தில் பிழை இல்லை, திகதியை வெட்டி எடுத்த இடத்தில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் அடிக்கடி காணப்படுகிற வரி இது:

```
const day  = trip.toISOString().slice(0, 10);
const time = trip.toLocaleTimeString();
```

முதல் வரி யூ.டி.சி. திகதியைத் தருகிறது: `2026-01-09`. இரண்டாம் வரி அலுவலகக் கணினியின் நேரத்தைத் தருகிறது: 12.30. இரண்டையும் பக்கத்தில் வைத்து அச்சிட்டால் 'ஜனவரி 9, மு.ப. 12.30' என்று ஓட்டப் பட்டியலில் வரும். டிரைவர் வியாழன் இரவே வண்டியை எடுத்துவிடுவார். பட்டியலைப் பார்க்கிற எவருக்கும் அதில் சந்தேகம் வராது, ஏனென்றால் நேரம் சரியாகவே இருக்கிறது.

இந்தப் பிழை நள்ளிரவு முதல் விடிய 5.29 வரையான நேரங்களுக்கு மட்டும் தலைகாட்டும். 5.30 ஆனதும் யூ.டி.சி. திகதி நம்முடைய திகதியை எட்டிப்பிடித்துவிடும். எழுதுகிறவர் காலை 10 மணி, பின்னேரம் 3 மணி என்று போட்டுச் சோதித்தால் எல்லாம் சரியாக வரும். சுற்றுலாவில் பகல் ஓட்டங்கள் மட்டும் இருந்தால் வருடக்கணக்காகத் தெரியாமலே கிடக்கும். மலை ஏறும் பருவம் டிசம்பர் போயாவோடு தொடங்கியதும்தான் வெளியே வரும். இரவு வேலை உள்ள எந்த இடத்துக்கும் இது பொருந்தும். தேயிலைத் தொழிற்சாலையில் மே 1ஆம் திகதி மு.ப. 2.00க்குப் பதிந்த உருட்டல் கணக்கு ஏப்ரல் மாத அறிக்கையில் போய்ச் சேர்வதும் இதே காரணத்தால்தான்.

திருத்தம் இதுதான்: திகதியையும் நேரத்தையும் ஒரே மாற்றத்தில், வலயத்தைப் பெயர் சொல்லி, ஒன்றாக எடுங்கள்.

```
new Intl.DateTimeFormat('ta-LK', {
  timeZone: 'Asia/Colombo',
  dateStyle: 'full', timeStyle: 'short'
}).format(trip)
```

4. அப்ப 'ஜனவரி 10 ஓட்டங்கள்' என்று ஒருநாள் பட்டியலை எப்படி எடுக்கிறது?

இலங்கையின் ஜனவரி 10 என்பது யூ.டி.சி.யில் 9ஆம் திகதி 18:30க்குத் தொடங்கி 10ஆம் திகதி 18:30க்கு முடிகிறது. பத்தியிலுள்ள திகதியை ஒப்பிடாமல் இந்த இரண்டு எல்லைகளையும் கணக்கிட்டு, அவற்றுக்கு இடையே உள்ளதைக் கேளுங்கள். போஸ்ட்கிரெஸில்:

```
SELECT * FROM trips
WHERE starts_at >= timestamp '2026-01-10 00:00' AT TIME ZONE 'Asia/Colombo'
  AND starts_at <  timestamp '2026-01-11 00:00' AT TIME ZONE 'Asia/Colombo';
```

`timestamp` என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் அந்த எழுத்துகளை வலயத்தோடு கூடிய நேரமாக எடுத்துக்கொண்டு எதிர்த் திசையில் மாற்றிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது, பட்டியல் மட்டும் மாறியிருக்கும். மேல் எல்லைக்கு `<` போடுவதும் வேண்டுமென்றேதான். 23:59:59 என்று முடித்தால் கடைசி வினாடிக்குள் விழுகிற பதிவு எந்த நாளுக்கும் சொந்தமில்லாமல் போகும்.

5. லண்டன்ல இருக்கிறவருக்கு எந்த நேரத்தைக் காட்டணும், அவர் நேரமா நம்ம நேரமா?

வேன் ஏறும் இடம் ஹட்டன். அதனால் ஹட்டன் நேரம். அவருடைய பிரவுசர் தானாக மாற்றிக் காட்டினால் 'ஜனவரி 9, பி.ப. 7.00' என்று வரும். அதை அவர் அப்படியே குறித்துக்கொண்டு விமானம் ஏறினால் வெள்ளி இரவு 7 மணிக்கு ரயில் நிலையத்தில் வந்து ஐந்தரை மணி குளிரில் காத்திருப்பார். ஆள் நேரில் போய் நிற்கவேண்டிய எதற்கும் அந்த இடத்தின் நேரத்தைக் காட்டி, 'இலங்கை நேரம்' என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். 'சனி மு.ப. 12.30 (வெள்ளி இரவு)' என்று கிழமையையும் சேர்த்தால் இன்னும் நல்லது. நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்தை மனிதர்களே தப்பாக வாசிக்கிறார்கள்.

ஆள் இருந்த இடத்திலிருந்தே செய்கிற காரியங்கள் வேறு. பணம் செலுத்தும் கெடு, தொலைபேசி அழைப்பு போன்றவற்றை அவரவர் ஊர் நேரத்தில் காட்டலாம். எந்த ஊர் என்பதை அங்கேயும் எழுதவேண்டும். `IST` என்ற சுருக்கத்தை மட்டும் பாவிக்காதீர்கள். இந்தியா, அயர்லாந்து, இஸ்ரேல் மூன்றும் அதைத் தங்கள் நேரத்துக்கு வைத்திருக்கின்றன.

6. `+05:30` என்று போட்டாலே போதாதா? `Asia/Colombo` என்று நீட்டி எழுதுறது எதுக்கு?

`+05:30` ஒரு கணத்தில் இருந்த வித்தியாசத்தை மட்டும் சொல்கிறது. `Asia/Colombo` ஓர் இடத்தின் முழு வரலாற்றையும் சொல்கிறது. இலங்கைக்கு அந்த வரலாறு நேராக இல்லை. 1996 மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி +06:30 ஆக்கினார்கள். அதே வருடம் அக்டோபர் 26இல் அரை மணி பின்னால் இழுத்து +06:00 ஆக்கினார்கள். 2006 ஏப்ரல் 15 அன்று மறுபடியும் +05:30க்கு வந்தது. அந்தப் பத்து வருடத்தில் பதிந்த எதற்கும் ஐந்தரை மணியைக் கழித்தால் தப்பான விடைதான் வரும். 2000 ஜனவரி 15 மு.ப. 10.00 என்பது யூ.டி.சி.யில் 04:00, 04:30 இல்லை.

இந்த மாற்றங்கள் எல்லாம் `tzdata` என்ற பொதுத் தொகுப்பில் இருக்கின்றன. பெரும்பாலான இயங்குதளங்களும் மொழிகளும் டேட்டாபேஸ்களும் அதிலிருந்துதான் எடுக்கின்றன. நாடுகள் விதியை மாற்றும்போது அதுவும் புதுப்பிக்கப்படும். 2022 அக்டோபரில் மெக்சிகோ கோடை நேரத்தைப் பெரும்பாலான பகுதிகளில் நிறுத்தியது. 2024 மார்ச் 1 முதல் கஸகஸ்தான் முழுவதும் +05:00க்கு மாறியது. சர்வரில் அந்தத் தொகுப்பைப் பழையதாக விட்டுவைத்தால் இப்படியான நாட்டுப் பயணிகளுக்கு ஒரு மணி பிழைக்கும்.

7. இந்தியாவும் நாமளும் ஒரே நேரம்தானே. `Asia/Kolkata` போட்டா ஓடுதே?

இன்றைய திகதிக்கு ஓடும். 1996 முதல் 2006 வரையான பதிவுகளுக்கு ஓடாது. இந்தியா அந்தக் காலத்தில் +05:30லேயே இருந்தது, நாங்கள் இல்லை. தோட்டத்துப் பழைய கணக்குகள், பிறப்பு நேரம், வங்கிப் பதிவுகள் என்று ஏதாவது உள்ளே வந்தால் அரை மணியோ ஒரு மணியோ வித்தியாசம் விழும். நாளைக்கு இரண்டில் ஒரு நாடு விதியை மாற்றினாலும் இதே கதைதான். ஆள் இருக்கிற நாட்டின் பெயரைப் போடுவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

8. லண்டன் ஏஜென்டோட ஒவ்வொரு வெள்ளியும் ஒன்லைன் கூட்டம். ஏப்ரல்ல திடீரென்று ஒரு மணி முந்திவிட்டது. யார் தப்பு?

மென்பொருளின் தப்பாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கூட்டம் யாருடைய கடிகாரத்துக்குச் சொந்தம் என்று யாரும் முடிவு செய்யாததுதான் வேர். லண்டன் பி.ப. 2.00க்கு வைத்தால் குளிர்காலத்தில் அது இலங்கையில் இரவு 7.30. 2026 மார்ச் 29இல் லண்டன் கடிகாரம் முன்னால் போனபின் இலங்கையில் மாலை 6.30. நமக்கு முந்தினாலும் லண்டன்காரருக்கு அதே 2 மணிதான். லண்டன் நேரத்துக்கு வைத்த கூட்டம் என்றால் இதுவே சரியான நடத்தை.

முதல் கூட்டத்தின் யூ.டி.சி. நேரத்தோடு ஏழேழு நாளாகக் கூட்டிக்கொண்டே போனால் நமக்கு 7.30 மாறாது, லண்டன்காரருக்கு 3 மணியாகிவிடும். ஆகவே திரும்பத் திரும்ப வருகிற நிகழ்வுக்கு 'வெள்ளி, 14:00, `Europe/London`' என்று விதியையே சேமியுங்கள். ஒவ்வொரு வாரத்துக்குமான யூ.டி.சி. கணத்தை அந்த விதியிலிருந்து கணக்கிடுங்கள். வேன் ஓட்டம் 'சனி, 00:30, `Asia/Colombo`'. அது லண்டன் கடிகாரத்தில் ஏப்ரல் 3 அன்று இரவு 8.00 என்று தெரியும், ஜனவரியில் 7.00 என்று தெரிந்தது. ஹட்டனில் எதுவும் மாறாது.

கடிகாரத்தைப் பின்னால் திருப்பும் இரவில் இன்னொரு வம்பு இருக்கிறது. 2025 அக்டோபர் 26 அன்று லண்டனில் மு.ப. 1.30 இரண்டு தடவை வந்தது, ஒன்று யூ.டி.சி. 00:30, மற்றது 01:30. 'லண்டன் 1.30' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த 1.30 என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. அதே வருடம் மார்ச் 30 அன்றோ 1.30 என்ற நேரமே அங்கே இருக்கவில்லை.

9. அப்படியென்றால் எதிர்கால ஓட்டங்களுக்கு யூ.டி.சி. மட்டும் போதாதா? முதல்ல அதுதானே நல்லது என்றீங்க?

நடந்து முடிந்தவற்றுக்கு யூ.டி.சி. மட்டும் போதும். பணம் செலுத்திய கணம், பொத்தான் அழுத்திய கணம் இனி மாறப்போவதில்லை. இன்னும் வராத ஓட்டத்துக்கு மனிதர்கள் ஒத்துக்கொண்டது 'ஹட்டனில் 12.30' என்பதை. யூ.டி.சி. எண் அந்த வாக்கிலிருந்து இன்றைய விதிப்படி கணக்கிட்ட ஒன்று. விதி மாறினால் எண்ணும் மாறவேண்டும்.

2006ஐ எடுங்கள். மார்ச் மாதத்தில் ஒருவர் மே 1 மு.ப. 9.00க்கு வண்டி பதிகிறார். அன்று இலங்கை +06:00, ஆகவே மென்பொருள் 03:00 என்று யூ.டி.சி.யில் எழுதுகிறது. ஏப்ரல் 15இல் நாடு +05:30க்கு மாறுகிறது. மே 1 அன்று அந்த 03:00ஐ மாற்றிக் காட்டினால் 8.30 என்று வரும். வண்டி அரை மணி முந்திப் போய்விடும். பயணி 9.00க்குத்தான் வருவார்.

அதனால் எதிர்கால நிகழ்வுக்கு மூன்று பத்திகள் வையுங்கள்: உள்ளூர் நேரம், வலயப் பெயர், அவற்றிலிருந்து கணக்கிட்ட யூ.டி.சி. தேடவும் வரிசைப்படுத்தவும் மூன்றாவது. உண்மை முதல் இரண்டிலும் இருக்கிறது. `tzdata` புதுப்பிக்கப்பட்டதும் இனிமேல் வரவுள்ள ஓட்டங்களுக்கு மட்டும் மூன்றாவதை மறுபடி கணக்கிடுங்கள்.

```
starts_local  2026-01-10 00:30
zone          Asia/Colombo
starts_at     2026-01-09T19:00:00Z
```

10. பிறந்த திகதி, அறைக்கு வரும் திகதி இதெல்லாமும் யூ.டி.சி.யா?

வேண்டாம். அவை நாள்கள், கணங்கள் இல்லை. ஏப்ரல் 14 பிறந்தவர் உலகில் எங்கே இருந்தாலும் ஏப்ரல் 14 பிறந்தவர்தான். டேட்டாபேஸில் `date` வகையிலும் அனுப்பும்போது `2026-01-10` என்ற எழுத்தாகவும் வைத்து, நேர மாற்றத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் இது இலகுவில் நழுவும். `new Date('2026-01-10')` என்பதை அது யூ.டி.சி. நள்ளிரவாக எடுக்கிறது. டொரண்டோவில் அந்தக் கணம் ஜனவரி 9 இரவு 7.00, ஆகவே அறை பதிந்தவருக்கு ஒருநாள் முந்திய திகதி தெரியும். ஹட்டனில் அதே வரி சரியான திகதியைத்தான் காட்டும், அதனால் இங்கே இருக்கிற நாம் பிழையைக் காணவே மாட்டோம். `new Date('2026-01-10T00:00')` என்று நேரத்தையும் சேர்த்து எழுதினால் அதே மொழி அதை உள்ளூர் நேரமாக எடுக்கிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் குழு முழுவதும் ஒரே முறையைப் பின்பற்றுவது அவசியம்.

11. டேட்டாபேஸ்ல எந்த வகைப் பத்தி போடணும்?

போஸ்ட்கிரெஸில் கணங்களுக்கு `timestamptz`. பெயரைப் பார்த்து அது வலயத்தையும் சேமிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். சேமிப்பதில்லை. உள்ளே யூ.டி.சி. மட்டும் இருக்கிறது, காட்டும்போது இணைப்பின் வலயத்துக்கு மாற்றிக் காட்டுகிறது. வலயப் பெயர் வேண்டுமானால் கேள்வி 9இல் சொன்னபடி தனிப் பத்தி வேண்டும்.

மைஎஸ்கியூஎலில் `TIMESTAMP` இணைப்பின் வலயத்திலிருந்து யூ.டி.சி.க்கு மாற்றி வைக்கும், `DATETIME` கொடுத்ததை அப்படியே வைக்கும். `TIMESTAMP` 2038 ஜனவரி 19ஓடு முடிந்துவிடும். `DATETIME` எடுத்து, மென்பொருளிலேயே யூ.டி.சி.யாக்கி எழுதி, பத்தியின் பெயரில் `_utc` சேர்த்துவிடுவது எங்களுக்குப் பிடித்த வழி. இன்னொன்று: `CONVERT_TZ` வெறுமனே `NULL` தந்தால் பெரும்பாலும் வலய அட்டவணைகள் ஏற்றப்படவில்லை என்று பொருள். `mysql_tzinfo_to_sql` கொண்டு ஏற்றவேண்டும்.

பைத்தானில் `datetime.utcnow()` வலயம் ஒட்டாத நேரத்தைத் தருகிறது. அடுத்து வரும் வரி அதை உள்ளூர் நேரமென்று நினைத்துவிடும். 3.12 பதிப்பிலிருந்து அதைக் கைவிடச் சொல்லியிருக்கிறார்கள். `datetime.now(timezone.utc)` எழுதுங்கள்.

12. நேரம் பிழைக்குது, ஆனா எங்க பிழைக்குது என்று தெரியல. எப்படிப் பிடிக்கிறது?

பிழையின் அளவை முதலில் பாருங்கள். அதுவே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஹட்டனில் காலை 9.00க்கு நடந்ததை மென்பொருள் 3.30 என்று காட்டினால் யூ.டி.சி.யை மாற்றாமலே காட்டுகிறீர்கள். 14.30 என்று காட்டினால் ஏற்கெனவே இலங்கை நேரமாக இருந்ததை யூ.டி.சி. என்று நம்பி மறுபடி கூட்டிவிட்டீர்கள். 11.30 என்றால் சிங்கப்பூர் சர்வரின் சொந்தக் கடிகாரம் உள்ளே புகுந்திருக்கிறது, அது நம்மைவிட இரண்டரை மணி முன்னால்.

முந்தின நாள் இரவு 10.00 என்று வந்தால் அது பதினொரு மணி வித்தியாசம்: கூட்டவேண்டிய ஐந்தரையைக் கழித்திருக்கிறீர்கள். ஜாவாஸ்கிரிப்டின் `getTimezoneOffset()` இலங்கைக்கு `-330` என்று எதிர்மறையில் தருவதால் இது வருகிறது. 8.30 என்று அரை மணி குறைந்தால் வித்தியாசத்தை முழு எண் பத்தியில் வைத்து 5 ஆக்கிவிட்டீர்கள். 8.48 என்று வந்தால் வேடிக்கையாகத் தோன்றும், காரணம் எளிது: யாரோ ஐந்து மணி முப்பது நிமிடத்தை `5.30` என்று தசமத்தில் எழுதியிருக்கிறார். 5.30 மணி என்பது 5 மணி 18 நிமிடம். எழுதவேண்டியது 5.5, அல்லது 330 நிமிடம்.

சில மாதங்களில் மட்டும் ஒரு மணி பிழைத்தால் கேள்வி 8, முழு நாள் பிழைத்தால் கேள்வி 3 அல்லது 10. திகதி 1970 ஜனவரி என்று வந்தால் வினாடிக் கணக்கை மில்லிவினாடி என்று வாசித்திருக்கிறீர்கள். நம்முடைய வேன் வினாடியில் `1767985200`, பத்து இலக்கம். மில்லிவினாடியில் பதின்மூன்று இலக்கம்.

13. மூணு வருஷமா உள்ளூர் நேரத்திலதான் எழுதியிருக்கோம். இப்ப மாத்த முடியுமா?

முடியும், அவசரப்படாவிட்டால். முதலில் அந்தப் பத்தியில் எழுதியவர் யார் யார் என்று கண்டுபிடியுங்கள். சர்வரா, பிரவுசரா, அலுவலகக் கணினியா? சர்வர் எந்தத் திகதியில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாறியது? ஒவ்வொரு காலத்துக்கும், ஒவ்வொரு எழுதியவருக்கும் தனி வலயம் இருக்கலாம். வங்கி அனுப்பிய குறுஞ்செய்தி நேரத்தோடு சில பதிவுகளை ஒப்பிட்டால் கேள்வி 12இல் உள்ள அளவுகள் அப்படியே தெரியவரும்.

பிறகு பழைய பத்தியைத் தொடாமல் புதிதாக ஒன்றைச் சேர்த்து, பகுதி பகுதியாக நிரப்புங்கள்:

```
ALTER TABLE payments ADD COLUMN paid_at_utc timestamptz;
UPDATE payments
SET paid_at_utc = paid_at AT TIME ZONE 'Asia/Singapore'
WHERE source = 'server' AND paid_at < '2024-06-01';
```

இங்கே உள்ள திகதியும் `source` பத்தியும் உதாரணத்துக்கு. உங்களுடையதைப் போடுங்கள். எந்த வலயம் என்று நிறுவமுடியாத பதிவுகளை வெறுமையாகவே விடுங்கள். ஊகித்து நிரப்பிய எண் உண்மையான எண்ணோடு கலந்துவிட்டால் பிறகு பிரிக்கமுடியாது. புதிய பத்தியை வாசிக்கும் மென்பொருள் ஒரு மாதக் கணக்கு முடிவையாவது சரியாகக் கடந்தபின் பழையதை எழுதுவதை நிறுத்தலாம்.

14. நல்லதண்ணிப் பக்கம் சிக்னல் போய்விடுது. டிரைவரின் போன் பிறகு அனுப்புற நேரத்தை நம்பலாமா?

இரண்டு நேரங்களை வையுங்கள்: போன் சொன்ன நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். இரண்டும் யூ.டி.சி.யில். 'பயணிகள் ஏறினர்' என்று டிரைவர் தொட்டது 19:04, சர்வருக்கு வந்தது 22:40 என்றால் இடையில் சிக்னல் இருக்கவில்லை, முதலாவதை எடுத்துக்கொள்ளலாம். போன் நேரம் வந்துசேர்ந்த நேரத்தைவிடப் பிந்தியதாக இருந்தால் போனின் கடிகாரமே தப்பு. அப்படியானதைக் குறியிட்டு ஒருவர் பார்க்க விடுங்கள். ஆசனம் யாருக்கு, கெடு தாண்டியதா என்று பணத்தைத் தொடும் முடிவுகளுக்குச் சர்வரின் நேரம் மட்டும்.

15. இங்க எல்லாம் சரியா ஓடுது, வெளிநாட்டில இருந்துதான் முறைப்பாடு வருது. இங்கயே எப்படிச் சோதிக்கிறது?

உங்கள் கணினியும் வேனும் ஒரே வலயத்தில் இருப்பதால் மாற்றத்தை மறந்த வரிகள்கூட சரியான விடையைத் தருகின்றன. அதே சோதனைகளை வலயத்தை மாற்றி ஓட்டுங்கள்:

```
TZ=UTC npm test
TZ=Asia/Colombo npm test
TZ=America/Toronto npm test
```

மூன்றிலும் ஓட்டப் பட்டியல் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வரவேண்டும். சோதனை நேரங்களாக இலங்கையில் மு.ப. 12.30, 5.29, 5.30 மூன்றையும், மாதக் கடைசி நள்ளிரவையும், லண்டனின் மார்ச் 29ஐயும் போடுங்கள். டொரண்டோ மார்ச் 8 அன்றே கடிகாரத்தை மாற்றிவிடும், ஆகவே நடுவிலுள்ள மூன்று வாரங்களில் ஒரு திகதியையும் சேருங்கள். அந்த இடைவெளியில் டொரண்டோவுக்கும் லண்டனுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து மணியிலிருந்து நான்காகக் குறைந்திருக்கும். ஐந்து என்று எங்காவது கையால் எழுதி வைத்திருந்தால் அந்தச் சோதனை அங்கே விழும்.